முனீசுக்கு அப்பத்தா எழுதுற கடுதாசி

உ

சின்னப்பாலம், பாம்பன்
28.05.2025

எந் தங்கம் முனீசு,

அப்பத்தா எழுதுறேன். நல்லாருக்கியா தாயி? வேளாவேளைக்குத் திங்கிறியா? இங்க எல்லாரும் சொகம். ஒங்கய்யாவுக்குக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சு பார்வ நல்லாத் தெரியுது. தெரிய ஆரம்பிச்சதும் மொத வேலையா, நான் வச்ச கொழம்புல எறும்பு கெடக்குன்னு கண்டுபுடிச்சாரு. இத்தன நாளா அதத் தின்னுட்டுத்தான் இருந்தீருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் வாயத் தெறக்கல.

தெனமும்தான் போனு பேசுறோமே, இப்ப எதுக்குக் கடுதாசின்னு கேப்ப. அந்தப் போனு ஒங்கப்பன் கையில இருக்கு. சவுண்டக் கூட்டி வச்சுத்தான் பேசுவான். நீ அங்க தும்முனா இங்க தெருவே கேக்கும். தங்கச்சிமடத்துப் புள்ள ஒண்ணு லீவுக்கு வந்துருக்கு, ஒன் ஆசுபத்திரியிலதான் வேல பாக்குதாமுல்ல. ஞாயித்துக்கெழம திரும்புதாம். அதுகிட்ட சாமானோட சேத்துக் குடுத்து விடுறேன். அஞ்சாப்புப் படிச்சவ எழுத்து கோணமாணலாத்தான் இருக்கும், பொறுமையா வாசி.

ஊரு சங்கதி மொதல்ல சொல்லிர்றேன். தடைக்காலம் நடக்குது. சித்திர ரெண்டுல கட்டுன விசைப்படகெல்லாம் ஜூன் 14 கழிஞ்சுதான் அவுப்பாக, 61 நாளு. கச்சான் காத்து எழும்பிருச்சு. தென்கடலு கொந்தளிச்சுக் கெடக்கு, வடகடலு அமந்துருக்கு. வல்லத்துக்குத் தட கெடையாதுல்ல, ஒங்கப்பன் வடக்க கொண்டாந்து போட்டு நண்டுக்கும் முரலுக்கும் போயிட்டு வாறான். மீனுக்கு நல்ல வெல. புதுப் பாலத்துல ரயிலு ஓடுது. ராமநவமியன்னைக்குப் பிரதம மந்திரி வந்து தெறந்து வச்சாக. ரெண்டு வருசத்துக்கு மேல மண்டபத்தோட நின்னுபோன ரயிலு இப்ப ராமேசுவரம் வரைக்கும் போகுது. கப்பலு வந்தா நடுப்பாலம் அப்படியே நட்டுக்குத்தலா மேல போகுது, எல்லாம் மோட்டாரு. பழசுல ரெண்டு பக்கமும் ஆளுக நின்னு கையால சுத்துவாகளே, ரெண்டாப் பொளந்து நிக்குமே, ஒங்கய்யாவுக்கு அதுதான் பாலமாம், இது லிப்டாம்.

நீ அனுப்புன போட்டோவத் தம்பி காமிச்சான். நீ சட்ட மேல சட்டயாப் போட்டுக்கிட்டு நிக்கிற. எனக்குக் கண்ணு ஒன் காலுக்குக் கீழதான் போச்சு. பாற பூராவும் பாசி அப்பிக் கெடக்கே! அள்ளுறதுக்கு ஆளு இல்லையா அந்த ஊர்ல? அங்க அதத் திம்பாகன்னு சொன்னியாம். திங்கட்டும். நம்ம கீழக்கரைப் பக்கம் நோம்பு தெறக்கக் கடப்பாசி காச்சுறாகள்ல, அதுவும் பாசியில எடுக்குறதுதான. நாமதான் ஆயுசுக்கும் பறிச்சு மூட்டயாக் கட்டி யேவாரிகிட்டப் போட்டுட்டு, வாயில வச்சுப் பாக்காம இருந்துருக்கோம்.

பாசிய எடுத்ததே ஒண்ணு சொல்லத்தான். நான் இன்னும் பாசிக்குப் போறேன்னு போன்ல சண்ட போட்ட. போறேந்தான். அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு, மாசத்துல 12 நாளு. மிச்ச நாளு பாசி வளரட்டும்னு பொம்பளைக நாங்களே கூடிப் பேசி வச்ச கணக்கு. தடைக்காலத்துலயும் போறதில்ல, இப்ப வீட்டுலதான் இருக்கேன். ஆழத்துக்கு நான் போயி வருசமாச்சு. கண்ணாடிய மாட்டி, காலுல தட்டக் கட்டிக்கிட்டு முங்குறதெல்லாம் எளசுக. நான் இடுப்பளவுத் தண்ணியில கட்டக்கோரப் பாசிதான் அறுக்குறேன். மரிக்கொழுந்துப் பாசியக் கண்டா மட்டும் கை கேக்காது. வெரலுக்குத் துணி சுத்தியிருந்தாலும் கல்லு கிழிக்கத்தான் செய்யும். உப்புத் தண்ணி பட்டுப் பட்டு அது தானா ஆறிரும், நர்சம்மா பதற வேணாம்.

அந்தக் காசுல என்ன செஞ்சேன் தெரியுமா? நீ நர்சிங் சேரும்போது அடகு வச்ச என் ரெட்டவடம் இருக்குல்ல, அதப் பங்குனியில மீட்டுட்டேன். முழுசா. வட்டி, அசலு ரெண்டும் கட்டியாச்சு. டிரங்குப் பெட்டியில, என் கூறச்சேலைக்கு அடியில இருக்கு. ஒங்கய்யாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது.

நீ மாசாமாசம் "அப்பத்தா சங்கிலிக்கு"ன்னு தனியா பத்தாயிரம் போடுறியாம். தம்பி வாய் தவறிச் சொல்லிட்டான். அது என் கைக்கு வரல தாயி. ஒங்கம்மா கைக்கு வந்து, எஞ்சின் ரிப்பேருக்கும் தம்பி பீசுக்கும் போயிருச்சு. களவுன்னு நெனைக்காத, எல்லாம் வீட்டுச் செலவுதான். ஒங்கம்மா ஒரு ரூவா தனக்குன்னு எடுத்தவ இல்ல. ஆனா சங்கிலிக்குப் போகல. அதுனால இனிமே அந்தப் பேருல அனுப்பாத. அங்க பேங்குல ஒம் பேருல போட்டு வையி. இதுக்காக ஒங்கம்மாகிட்டச் சண்டைக்கும் போகாத, எம்மேல சத்தியம்.

இன்னொண்ணு இருக்கு. இதுக்குத்தான் முக்கியமா எழுதுறேன்.

ஒங்கப்பன் ஒங்கிட்ட அஞ்சு லட்சம் கேக்கப் போறான். தடை முடியுறதுக்குள்ள கேப்பான். விசைப்படகு ஒண்ணுல பங்கு வருதாம், மூணு பேரு சேந்து எடுக்குறாகளாம். ராத்திரியெல்லாம் கரையில ஒக்காந்து இதே பேச்சு. நேத்து வரைக்கும், வலய அத்துட்டுப் போயிட்டான்னு விசைப்படகுக்காரன மண்ண வாரித் தூத்துனவன், இப்ப அதுலயே பங்கு வாங்கப் போறானாம்.

நீ குடுக்காத.

ஏன்னு சொல்றேன் கேளு. விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாளுதான் கடலு. ஒரு தடவ போயிட்டு வரணும்னா பீப்பாய் பீப்பாயா டீசலு ஊத்தணும். மீனு பட்டாலும் படாட்டியும் டீசலு டீசலுதான். இங்கிட்டு மீனு கொறஞ்சுபோச்சு, அதுனால இலங்கைக் கோட்டத் தாண்டிப் போறாக. புடிபட்டா ஆளு ஜெயிலுக்கு, கொஞ்ச நாளுல வீடு வந்து சேருவாக. படகு திரும்பாது. முன்ன மாதிரி இல்ல, இப்ப அங்கயே பறிமுதல் பண்ணிர்றாக. நம்ம தெருவுக்கு அடுத்த தெருவுல ஒருத்தன் அப்படிப் படகக் குடுத்துட்டு, பொண்டாட்டி நகய வித்து வட்டி கட்டுறான். ஒங்கப்பனுக்கும் இது தெரியும். தெரிஞ்சவனுக்கு யாரு சொல்றது?

படகுக்கு வாங்குன கடன் என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். 64 புயல்ல எங்கப்பாரு வல்லம் போச்சு. எனக்கு அப்ப ஒம்பது வயசு. தனுசுகோடி அழிஞ்சதத்தான் எல்லாரும் பேசுவாக, இங்க பாம்பன்ல கரையில கெடந்த வல்லமெல்லாம் எங்க போச்சுன்னு யாரும் கேக்கல. எங்கம்மா விடிஞ்சதும் கரைக்கு ஓடிப்போயிப் பாத்தா, கட்டுன கயிறு மட்டும் மரத்துல கெடக்கு. எங்கப்பாரு கடன் வாங்கிப் புது வல்லம் எடுத்தாரு. அந்தக் கடன அடைக்கத்தான் என்னைய அஞ்சாப்போட நிப்பாட்டிப் பாசிக்கு அனுப்புனாக. எந் தங்கச்சியும் வந்தா. எனக்குக் கலியாணம் ஆகிப் போற வரைக்கும் அது முடியல. அப்பாரு மேல எனக்குக் கோவம் இல்ல, அவரு வேற என்ன செய்வாரு? ஒங்கப்பனுக்கு அப்படி இல்ல. வல்லம் ஓடுது, நண்டு படுது, சோத்துக்குக் கொற இல்ல. இது ஆச. ஆசைக்கு ஒன் ராத்திரி டூட்டிக் காசு எதுக்குப் போகணும்?

எப்படி மறுக்குறதுன்னு முழிக்காத. அப்பத்தா சொன்னான்னு மட்டும் சொல்லிராத. அங்க வாடக எம்புட்டுன்னு நீயே சொன்னியே, அதச் சொல்லு. மறுக்கும்போதே, "வலைக்கு வேணும்னா தாறேம்ப்பா"ன்னு நீயே முந்திச் சொல்லிரு. ஒரு செட்டு நண்டு வலையும், எஞ்சின் சர்வீசும் பண்ணிக் குடுத்தாப் போதும். அது அவன் கையில நிக்கிற பொருளு, நாளைக்கே காசாகும். கோவிப்பான். ரெண்டு நாளு திங்காமத் திரும்பிப் படுப்பான். மூணாம் நாளு நண்டுக் கொழம்பு வச்சா எந்திரிச்சு வந்துருவான். பெத்தவளுக்குத் தெரியாதா?

கலியாணப் பேச்சையும் ஒங்கத்த ஒரு நாளு எடுத்தா. புள்ள வந்து சொல்லட்டும்னு அதோட நிப்பாட்டிட்டேன்.

இப்ப சாமான் கணக்கு. நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, தலையக் கிள்ளி, மண்ணு போக அலசி, திரும்பக் காய வச்சு நாலு கவர்ல போட்டுருக்கேன். சீலாக் கருவாடு ரெண்டு துண்டம், அத மட்டும் தனியா வையி. முண்டு வத்தலு அரக்கிலோ. நம்ம ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல அரசாங்கம் புவிசார் குறியீடு குடுத்துருக்காமுல்ல, தம்பி சொன்னான். குறியீடு இல்லாதப்பவும் இதே வாசம்தான். கருப்பட்டி நாலு வட்டு, இந்தப் பருவத்துல காச்சுனது, ஓலக்கொட்டான்லயே இருக்கு. கொட்டானத் தூரப் போட்டுராத, வெங்காயம் போட்டு வச்சுக்க.

கருவாடு வறுத்தா அந்த ஊரு வீட்டுல மணி அடிக்குமாமே! தங்கச்சிமடத்துப் புள்ள சொல்லிச் சிரிக்குது. அதுனால வறுக்காத, கொழம்பா வையி. சுடுதண்ணியில கருவாட்ட ஊறப்போடு, ரெண்டு தடவ தண்ணிய மாத்து. நல்லெண்ணெயில வெந்தயம், சின்ன வெங்காயம் இல்லாட்டிப் பெரிய வெங்காயம், பூண்டு முழுசா பத்துப் பல்லு. முண்டு வத்தல நாலு கிள்ளிப் போட்டு, கருகுறதுக்கு முன்னாடியே புளியக் கரச்சு ஊத்திரு. கத்தரிக்கா வெந்து, கொழம்பு சுண்டி எண்ணெ பிரிஞ்ச பெறகுதான் கருவாட்டப் போடணும். முன்னாடியே போட்டா கூழாப் போயிரும். உப்பு கடேசியில, நாக்குல வச்சுப் பாத்துட்டுப் போடு. அன்னைக்கே திங்காத, மறுநாளு தின்னு.

ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா வெறும் வயித்தோட படுக்காத. அங்க இப்ப ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சமாமே, சன்னலுக்குக் கெட்டித் துணியாப் போட்டு ஒறங்கு.

இந்தக் கடுதாசிக்குப் பதிலு எழுத வேணாம், தபாலு ஒங்கப்பன் கையிலதான் மொதல்ல சிக்கும். போன்ல, எல்லாரும் இருக்கும்போதே, "அப்பத்தா, கருவாட்டுல உப்புக் கூடிருச்சு"ன்னு சொல்லு. நான் சொன்னதுக்கு நீ சம்மதம்னு புரிஞ்சுக்குவேன். ஒங்கம்மா என்னையத் திட்டுவா, திட்டட்டும்.

இப்படிக்கு
ஒன் அப்பத்தா

கூடக் கொஞ்சம்: சீலாக் கருவாட்டுல ஒரு துண்டத்த அந்தத் தங்கச்சிமடத்துப் புள்ளைக்குக் குடுத்துரு. பாவம், இம்புட்டையும் தூக்கிட்டு வருது.