செப்டம்பரில் கிளாஸ்கோ. நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது! கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்கப் போகிறேன். படிப்புக் கட்டணம், விமானச் செலவு, மாதாமாதம் தங்கிச் சாப்பிடும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இல்லாவிட்டால் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து ஸ்கொட்லாந்து போவதெல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கில் வராத காரியம்.

அம்மாவுக்குப் போன் எடுத்தபோது கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றிருந்தார். "நிறுவை முடியட்டும், எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டார். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அரை நாள் சம்பளம்தான் கிடைக்கும், அதனால் அந்த நேரத்தில் வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. அப்புறம் எடுத்து முதலில் கேட்டது: "அங்க நுவரெலியாவை விடக் குளிருமா?"

அக்கா சாதாரண தரத்தோடு நின்றுவிட்டு, கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்து அனுப்பிய பணத்தில்தான் நான் ஹட்டனில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்தேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. என் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தவள் நான் இல்லை. எனக்குப் பின்னங்கள் சொல்லிக்கொடுத்தவள் இப்போது கட்டுநாயக்காவில் கார்மெண்ட்ஸில் இருக்கிறாள். அவள் வீட்டில் விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். என் திறமையால் மட்டும் கிடைத்தது இது என்று என்னால் சொல்ல முடியாது. செய்தி தெரிந்ததும் இரவு ஷிப்ட் முடிந்து வந்து போன் எடுத்து அழுதாள். உனக்கு நான் என்ன சொல்ல, தோழி.

சம்பளம் வாங்காமல் சனி ஞாயிறிலும் வகுப்பு எடுத்த ஆசிரியர்களுக்கு, ஆங்கிலக் கட்டுரைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தந்த பேராதனை நண்பர்களுக்கு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னோடு தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்களான பிள்ளைக்காம்பராக்களுக்கு வந்து குழந்தைகளை நிறுத்துப் பார்த்த ஆயம்மாக்களுக்கு என் நன்றி. இந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுத்ததே அந்தத் தராசைப் பார்த்துத்தான். தாய்மார் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறார்கள். வயதுக்கு ஏற்ற எடை இல்லாத பிள்ளைகளை அங்கே மாதத்துக்கு மாதம் பார்த்துவிட்டு, பதிவேட்டில் எழுதிவிட்டு மட்டும் வருவது எனக்குப் போதவில்லை.

படிப்பு முடிந்ததும் குறைந்தது 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது செவனிங் நிபந்தனை. அந்த நிபந்தனை இல்லாவிட்டாலும் நான் திரும்பி வருவேன்.

மலையகத் தம்பி தங்கச்சிகளே, பட்டம் முடித்து 2,800 மணிநேர வேலை அனுபவம் இருந்தால் நீங்களும் போடலாம். வழக்கமாக ஆகஸ்டில் விண்ணப்பம் திறக்கும். கட்டுரையை எழுதி இன்பாக்ஸில் அனுப்புங்கள், அங்கே இருந்தாலும் வாசித்துத் திருத்தித் தருகிறேன். ஆங்கிலம் சரியாக வராதே என்று தயங்கி நின்றுவிடாதீர்கள்.

#செவனிங் #மலையகம் #தலவாக்கலை #நன்றிஅக்கா