ஒன்பது கல்

மாமா காரைக்குடிக்கு சிமெண்ட் எடுக்கப் போயிருந்தார். தளத்துக்குப் பூக்கல் செய்யும் பட்டறையில் வயிரவனும் ராக்கம்மா அக்காவும் மட்டும். காலாண்டு லீவு. எட்டாம் வகுப்புப் பையனை ஆத்தங்குடியில் கொண்டுவந்து விட்டால் என்ன செய்வான்? கண்ணாடி துடைப்பான்.

கண்ணாடிதான் அந்தத் தொழிலில் பாதி. சதுரக் கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அறை அறையாகச் சாயச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி. ஊறி முடிந்து கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகம் அதே வழவழப்போடு இருக்கும். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தால் கல்லிலும் இருக்கும் என்று மாமா பயமுறுத்தி வைத்திருந்ததால், வயிரவன் ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. முன் கதவைத் திறந்து, எண்பது வயது இருக்கும், ஒல்லியான ஒரு பெரியவர் கையில் நீள நோட்டோடு இறங்கினார். பின் சீட்டில் ஆச்சி. இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"மாமா இல்லையா தம்பி?"

"காரைக்குடி போயிருக்காக ஆச்சி. சாயங்காலம் வந்துருவாக."

"சாயங்காலம் வரைக்கும் நான் எங்க காத்திருக்கிறது? கானாடுகாத்தான்ல கொத்தனார் உக்காந்திருக்கான். தைல கல்யாணம். மழைக்கு முன்னாடி கல்லு வந்து எறங்கணும். நீ கணக்கு மட்டும் சொல்லு, எத்தனை கல்லு வேணும்னு. கணக்கப்பிள்ளை, அளவைச் சொல்லுங்க."

பெரியவர் நோட்டைப் பிரித்தார். "பட்டாலை. நீளம் முப்பத்தெட்டரை அடி. அகலம் பதினாலே கால். எட்டங்குலக் கல்லு, பூப் போட்டது."

பட்டறைச் சுவரில் மாமா கரியால் எழுதி வைத்த வாய்பாடு ஒன்று உண்டு: நீளம் × அகலம் × 144 ÷ 64. ஏன் 144, ஏன் 64 என்று வயிரவன் கேட்டதில்லை. மேசை டிராயரிலிருந்து கால்குலேட்டரை எடுத்தான். அதற்குப் பட்டறையில் ஒரு சரித்திரமே இருக்கிறது. போன வருஷம் தொட்டியில் விழுந்து, அரிசிப் பானைக்குள் மூன்று நாள் கிடந்து, உயிர் பிழைத்தது. அன்றிலிருந்து புள்ளி பட்டன் மட்டும் மனசு வைத்தால்தான் வேலை செய்யும்.

அழுத்தினான். 12344.0625 என்று வந்தது.

"பன்னெண்டாயிரத்து..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பன்னிரண்டாயிரம் கல்லை வைத்தால் தெருவுக்கே தளம் போடலாம். புள்ளி விழவில்லை, 38.5 என்பது 385 ஆகிவிட்டது. இந்தத் தடவை புள்ளியைக் கட்டை விரலால் அழுத்தி, திரையில் விழுந்ததா என்று பார்த்துப் பார்த்துப் போட்டான்.

1234.40625.

"ஆயிரத்து இருநூத்தி முப்பத்தஞ்சு ஐயா."

பெரியவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பேனா மூடியைத் திறந்து நோட்டின் ஓரத்தில் ஏதோ எழுதினார். "தம்பி, ஒரு அடிக்குப் பன்னெண்டு அங்குலம். கல்லு எட்டங்குலம். அடிக்கு ஒண்ணரைக் கல்லு. பட்டாலை சுமாரா ஐந்நூத்தி அம்பது சதுர அடி. அதுல ஒண்ணரை மடங்கு, எண்ணூத்தி இருபத்தஞ்சு. நேத்து வேற ஒரு பட்டறைல கேட்டோம். அவனும் எண்ணூறுன்னுதான் சொன்னான்."

"நானூறு கல்லு கூடவா?" காருக்குள்ளிருந்து ஆச்சியின் குரல். "கல்லு முப்பது ரூபாய்ன்னா பன்னெண்டாயிரம் ரூபாயில்ல? உங்க மாமா இப்படியெல்லாம் பண்ண மாட்டாகளே."

வயிரவனுக்குக் காது சுட்டது. பெரியவர் சொன்னது அவன் மனதுக்கும் சரியாகவே பட்டது. எட்டு, பன்னிரண்டு, ஒன்றரை. இதில் எங்கே தப்பு இருக்க முடியும்? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாயிரம் என்று புளுகிய மிஷின், இப்போது மட்டும் உண்மை பேசுமா? இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். அதே 1234.40625. மூன்றாவது தடவையும் அதுவே. ஒரே ஆளிடம் மூன்று தடவை கேட்டு என்ன ஆகப்போகிறது? கால்குலேட்டரைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"அக்கா, கழிச்ச கல்லு கிடக்கா?"

"மூலைல கிடக்கு பாரு. சாயம் கலங்குனது. எதுக்கு?"

பதில் சொல்லாமல் ஒரு கரித்துண்டை எடுத்தான். அளவு நாடாவைத் தரையில் வைத்து, ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம் கிழித்தான். சாயம் கலங்கிய கல் ஒன்றை அதன் மூலையில் வைத்தான். வலப்பக்கம் நாலங்குலம் மிச்சம். அது அரைக் கல். சரி, ஒன்றரை. பெரியவர் தலையாட்டினார்.

ஆனால் சதுரம் நிறையவில்லை.

கீழேயும் நாலங்குலம் கிடந்தது. முழு நீளத்துக்கும், காலியாக. வயிரவன் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். கீழே இன்னோர் அரைக் கல். அப்புறமும் மூலையில் கைக்குட்டையை மடித்த மாதிரி ஒரு சின்னச் சதுரம். அது கால். ஒன்று, அரை, அரை, கால்.

"ரெண்டேகால்," என்றான் மெதுவாக. "ஐயா, அடிக்கு ஒண்ணரைங்கிறது ஒரு வரிசைக்குத்தான். சதுர அடிக்கு ரெண்டேகால் வருது."

"வெட்டிப் போட்டா கணக்குப் புரியாது," என்றார் பெரியவர். தப்பு என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "முழுக் கல்லா வச்சுக் காட்டு."

முழுக் கல்லாக. எட்டு, பதினாறு, இருபத்து நாலு. இருபத்து நாலு அங்குலம் ரெண்டடி! பழைய சதுரத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு ரெண்டடிக்கு ரெண்டடி கிழித்தான். ராக்கம்மா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தானே கல்லை எடுத்துக் கொடுக்க வந்துவிட்டாள். மூன்று, மூன்று, மூன்று. ஒன்பது கல். கோட்டுக்கு வெளியே ஒரு நூல் தள்ளவில்லை, உள்ளே ஒரு நூல் குறையவில்லை. ஒன்பது பூவும் கலங்கிய சாயத்தோடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

ஆச்சி காரை விட்டு இறங்கினார்.

"இப்ப இந்த ரெண்டடிச் சதுரத்தையே பட்டாலை முழுக்கப் பரப்புவோம் ஆச்சி," என்றான் வயிரவன். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "முப்பத்தெட்டரையை நாப்பதுன்னு வச்சுக்குவோம். பதினாலே காலைப் பதினாலுன்னு வச்சுக்குவோம். நாப்பதடில இந்த மாதிரி இருபது. பதினாலடில ஏழு. ஏழிருபது நூத்திநாப்பது சதுரம். ஒவ்வொண்ணுலயும் ஒன்பது கல்லு. நூத்திநாப்பது ஒன்பது..." கண்ணை மூடினான். "ஆயிரத்தி நானூறுல நூத்திநாப்பது போனா, ஆயிரத்து இருநூத்தி அறுபது."

மேசையில் குப்புறக் கிடந்ததைப் பெரியவர் திருப்பிப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். "இது முப்பத்தஞ்சு சொல்லுது. நீ அறுபது சொல்ற. மிச்சம் இருபத்தஞ்சு எங்க?"

சுமார் கணக்குதானே என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வேறு பையனாக இருந்தால் தப்பித்திருப்பான். வயிரவன் நகத்தைக் கடித்தான். "நீளத்துல ஒண்ணரை அடி கூட வச்சோம். பதினாலு ஒண்ணரை இருபத்தோரு சதுர அடி அதிகம். அகலத்துல கால் அடி விட்டுட்டோம். நாப்பதுல கால் பத்து. அது குறைச்சல். கூட்டிக் கழிச்சா பதினொரு சதுர அடி அதிகமாப் போட்டிருக்கோம். சதுர அடிக்கு ரெண்டேகால்..."

"இருபத்தஞ்சு," என்றார் பெரியவர், பையன் முடிப்பதற்குள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தொட்டியில் ஒரு கண்ணாடி சரிந்து 'டொக்' என்றது. பெரியவர் குனிந்து, ஒன்பது கல்லின் ஓரமாக விரலை ஓட்டினார்.

"எங்க அய்யா குழிமாத்து வாய்பாடு ஒப்பிப்பாரு. திண்ணைல உக்காத்தி வச்சு எங்களையும் சொல்லச் சொல்லுவாரு. ஒண்ணரைக்கு ஒண்ணரை ரெண்டேகால். இந்த வாயால நூறு தடவை சொல்லியிருக்கேன் ஆச்சி. கல்லுன்னதும் மறந்துபோச்சு."

"அது இருக்கட்டும். அந்தப் பட்டறைக்காரன் ஏன் எண்ணூறுன்னான்?" ஆச்சி விடுவதாக இல்லை.

இதற்கு வயிரவனிடம் பதில் இல்லை. ராக்கம்மாதான் கேட்டாள்: "ஆச்சி, அங்க பாத்தது எத்தனை அங்குலக் கல்லு?"

ஆச்சியும் கணக்கப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர்தான் ஸ்டியரிங்கில் இருந்தபடியே சொன்னான்: "பத்துன்னாங்க ஆச்சி. பத்துக்குப் பத்து."

வயிரவன் கால்குலேட்டரை எட்டி எடுத்தான். பட்டனைத் தொடுவதற்கு முன்னால் வாய்க்குள் முணுமுணுத்தான். பத்துக்குப் பத்து நூறு. நூத்திநாப்பத்து நாலை நூறால் வகுத்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே. ஐந்நூத்தி அம்பதுக்கு ஒன்றரை மடங்கு எண்ணூத்தி இருபத்தஞ்சு, அதிலும் கொஞ்சம் கீழே. "எண்ணூறுக்கு உள்ளதான் வரும்," என்றான். பிறகுதான் அழுத்தினான். 790.02.

"அவனும் பொய் சொல்லலை," என்றார் ஆச்சி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கணக்கப்பிள்ளை நோட்டில் 825-ஐ ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் 1235 என்று எழுதினார். அதற்கும் கீழே, உடைசலுக்கும் ஓரம் வெட்டுவதற்கும் சேர்த்து 1300 என்று எழுதிக் கோடு போட்டார். முன்பணத்தை ஆச்சி எண்ணிக் கொடுக்க, வயிரவன் திரும்ப ஒருமுறை எண்ணி வாங்கிக்கொண்டான். கார் திரும்பிப் போகும்போது பின் கண்ணாடி மறுபடி இறங்கியது.

"தம்பி, அந்தப் பொட்டியைத் தூக்கிப் போட்டுட்டு மாமாவைப் புதுசு வாங்கச் சொல்லு. புள்ளி விழாம எவனாவது பன்னெண்டாயிரம் கல்லைக் கொண்டாந்து எறக்கிறப் போறான்."

"எறக்கினா தெரிஞ்சிரும் ஆச்சி," என்றான் வயிரவன்.

கார்ப் புழுதி அடங்கியது. ராக்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கணக்கெல்லாம் முடிஞ்சுதுல்ல? இந்த ஒன்பதையும் யாரு எடுத்து மூலைல அடுக்குறது?"

அவன் ஒவ்வொன்றாகத் தூக்கினான். கடைசிக் கல்லை எடுத்த பிறகும் தரையில் கரிக்கோடு மட்டும் ரெண்டடிக்கு ரெண்டடி அப்படியே இருந்தது. அழிக்கலாமா என்று காலைத் தூக்கியவன், மாமா வரட்டும் என்று காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.