சிரிஞ்ச் பம்ப் கோளாறு: பாதக நிகழ்வு அறிக்கை

பெறுநர்: தயாரிப்பு நிறுவனத்தின் தரப் பிரிவு, மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம், இந்திய ஃபார்மகோபியா ஆணையம், காசியாபாத்.
அனுப்புநர்: உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும்.

கருவி: ஒற்றை சிரிஞ்ச் பம்ப், வரிசை எண் 2104871. நிகழ்வு: 12.03.2025, அதிகாலை 2.00 முதல் 2.29 வரை. கீழுள்ள நேரங்கள் எல்லாம் நோயாளி மானிட்டரின் கடிகாரப்படி. பம்பின் கடிகாரம் 6 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. பதிவுகளை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் கொள்ளவும்.

நோயாளி 58 வயது ஆண், எடை 60 கிலோ, செப்டிக் ஷாக். 50 மில்லியில் 4 மில்லிகிராம் நார்அட்ரினலின், மணிக்கு 5 மில்லி வேகம் (0.11 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடம்).

முந்தைய இரவு 10.00: புது சிரிஞ்சுடன் தொடக்கம். சிரிஞ்ச் வகையும் அளவும் திரையில் சரிபார்க்கப்பட்டன.

1.52: நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க பம்ப் ஸ்டாண்ட் மறுபக்கம் நகர்த்தப்பட்டது. பிளக் கழற்றப்பட்டு பேட்டரியில் ஓடியது, 1.57-க்கு மீண்டும் மின்சாரம். இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை, நடந்ததால் எழுதுகிறோம்.

2.00: திரையில் செலுத்திய அளவு 20.0 மில்லி, சிரிஞ்சில் மீதி 30. இரண்டும் பொருந்தின.

2.14: மானிட்டர் அலாரம். சராசரி ரத்த அழுத்தம் 72-லிருந்து 48-க்குச் சரிந்திருந்தது.

2.16: திரையில் `RUNNING`, 5.0 மில்லி/மணி, செலுத்தியது 21.3 மில்லி. ஆனால் பிளஞ்சர் 30 மில்லி கோட்டிலேயே நின்றது. பம்ப் எந்த அலாரமும் எழுப்பவில்லை.

2.18: நோயாளிப் பக்கத் திருகுவழியை மூடிவிட்டு, அதே சிரிஞ்சையும் அதே குழாயையும் வேறொரு பம்புக்கு மாற்றி, அதே வேகத்தில் தொடங்கினோம். 250 மில்லி சலைனும் கொடுக்கப்பட்டது.

2.29: சராசரி அழுத்தம் 68. நிலையான பாதிப்பு இல்லை.

சிரிஞ்சும் குழாயும் மாறாமலே மருந்து சீராகச் சென்றதால், அடைப்பு என்ற விளக்கம் பொருந்தாது. மோட்டார் சுழற்சியை எண்ணும் கணக்கு ஓடிக்கொண்டிருக்க, தள்ளும் தலை மட்டும் திருகுத் தண்டிலிருந்து விடுபட்டு நின்றிருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம். அப்படியானால் குழாயில் அழுத்தம் ஏறாது. அடைப்பு அலாரமும் அடிக்காது. நார்அட்ரினலின் சில நிமிடங்களில் உடலிலிருந்து மறைந்துவிடும் என்பதால் இது ஆபத்தான மௌனம்.

பம்பைத் திறக்கவோ சோதிக்கவோ இல்லை. வெளிப்புறம் மட்டும் துடைத்து, சீலிட்டு, பேட்டரி தீராதிருக்க மின்சாரத்தில் வைத்திருக்கிறோம். சிரிஞ்சும் குழாயும் தனி உறையில் உள்ளன. இதே மாடல் பம்புகள் 6-ஐயும் ரத்த அழுத்த மருந்துகளுக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம்.

நிறுவனம் செய்ய வேண்டியது: எங்கள் பொறியாளர் முன்னிலையில் நிகழ்வுப் பதிவை முழுதாக நகலெடுத்த பிறகே கருவியைத் திறக்கவும். தண்டு, நட்டு, பிளஞ்சர் நிலை உணரி ஆகியவற்றின் தேய்மானத்தை அளந்து எழுத்தில் தரவும். இதே தயாரிப்புத் தொகுதியில் இதுபோன்ற புகார்கள் வந்துள்ளனவா என்று ஆணையத்துக்குத் தெரிவிக்கவும். “கோளாறு காணப்படவில்லை” என்ற ஒருவரிப் பதிலை ஏற்க மாட்டோம்.

இணைப்பு: மானிட்டர் பதிவு, செவிலியர் குறிப்பேட்டின் நகல், பம்ப் திரையின் 2.16 மணிப் படம், கடைசிப் பராமரிப்புச் சான்று.