ஏழுமலை அண்ணனைப் பற்றி, யார்டில் இருக்கும் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

திங்கட்கிழமை காலை நோட்டீஸ் போர்டிலும் நம் வாட்ஸ்அப் குழுவிலும் கம்பெனி பெயரில் நான்கு வரி வந்தது. "திரு. ஏழுமலை அவர்கள் இயற்கை எய்தினார், அன்னாரது மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு, ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய கடிதம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். நானும் சரியாகப் படிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். கேட் சூப்பர்வைசராக இருந்தவரை அதில் 'உதவியாளர்' என்று போட்டிருந்தது. தலைப்பெழுத்தும் தப்பு. பத்து மணிக்கு டிரைவர் ஒருவர் அந்தத் தாளின் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: "தம்பி, இது நம்ம ஏழுமலையா, வேற யாராவதா?"

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அதற்காக அவர் வீட்டாரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஆபீசில் யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிறு விடியற்காலை, நைட் ஷிஃப்ட் முடித்து கொருக்குப்பேட்டை வீட்டுக்குப் போன ஒரு மணி நேரத்தில் ஏழுமலை அண்ணன் இறந்துபோனார். மாரடைப்பு. ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை என்றார்கள். அவருக்கு வயது 54. அன்று சாயங்காலமே மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடிந்தது. துறைமுக வரிசையில் வண்டியோடு மாட்டிக்கொண்டு வர முடியாமல் போனவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டோமே என்று போனில் அழுதவர்களும் உண்டு.

2003-ல் என் அப்பா அவரை கிளீனராக வேலைக்குச் சேர்த்தார். அப்போது நம்மிடம் இருந்தது மூன்று ட்ரெய்லர், ஒரு தகர ஷெட். நான் பள்ளிக்கூடப் பையன், லீவு நாளில் யார்டுக்கு வந்தால் அவர்தான் எனக்கு டீ வாங்கித் தருவார். அதனால் அவரை 'ஏழுமலை அவர்கள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கடைசிவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். நான் சம்பளம் கொடுக்கும் இடத்துக்கு வந்த பிறகும் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

அவர் எட்டாவது வரை படித்தவர். ஆனால் கன்டெய்னர் எண் தப்பாக இருந்தால் கண்டுபிடிக்க அவரை மிஞ்ச இங்கே ஆள் கிடையாது. உங்களுக்குத் தெரியும், நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி எண்ணைச் சுற்றி கட்டம் போட்டிருக்கும். முன்னால் இருப்பதெல்லாம் சரிதானா என்று சோதிக்க உள்ள எண் அது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, A என்றால் 10, B என்றால் 12, இப்படி. முதல் எழுத்தின் மதிப்பை ஒன்றால் பெருக்க வேண்டும், அடுத்ததை இரண்டால், அதற்கடுத்ததை நான்கால், எட்டால். எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். மீதி 10 என்றால் பூஜ்யம். யாரோ ஒரு சர்வேயர் எப்போதோ சொல்லிக்கொடுத்ததாம். எழுத்துகளின் மதிப்பை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஒரு ராத்திரி, கட்-ஆஃபுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, வெளியே போகவிருந்த நாற்பதடி வண்டியை அவர் நிறுத்திவிட்டார். பார்ட்டி அனுப்பிய பேப்பரில் எண் உதைக்கிறது என்றார். டிரைவர் கத்துகிறார், பார்ட்டி போனில் கத்துகிறார், நானும்தான் கத்தினேன். அவர் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் கூட்டல் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் டார்ச் எடுத்துப் போய் பெட்டியின் கதவைப் பார்த்தால், பேப்பரில் இரண்டு எண் இடம் மாறியிருந்தது. அப்படியே போயிருந்தால் துறைமுக கேட்டில் வண்டியைத் திருப்பியிருப்பார்கள், அந்த வரிசையில் மறுபடி முதலிலிருந்து நின்றிருக்க வேண்டும். அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி சரி, பேப்பரை மாத்தி வாங்குங்க, அதுக்குள்ள ஒரு டீ சாப்பிடட்டும்" என்றார்.

அந்த நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் நீள நோட்டில் தனியாக எழுதி வந்தார். செவ்வாய்க்கிழமை ராத்திரி கேட்டுக்குப் புதிதாக வந்த பையன் அதை என்னிடம் எடுத்து வந்தான். வண்டி எண், பெட்டி எண், சீல் எண், டிரைவர் பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். எல்லாம் புரிகிறது, கடைசியில் சில வரிகளுக்கு எதிரே 'சா' என்று எழுதியிருக்கிறார், சிலவற்றுக்கு இல்லை, அது என்ன என்று கேட்டான். சாவி ஒப்படைத்ததாக இருக்கும் என்றேன். அப்போது பக்கத்தில் நின்றிருந்த தூத்துக்குடி டிரைவர் சொன்னார்: "சாவி இல்ல சார், சாப்பாடு. சாப்டியானு கேப்பாரு. சாப்டேன்னா எழுதுவாரு. இல்லேன்னா வுட மாட்டாரு."

வரிசையில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள் நீங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் வண்டியை விட்டு இறங்கவும் முடியாது, நடு ராத்திரியில் எதுவும் கிடைக்கவும் கிடைக்காது. அவர் தினமும் வீட்டிலிருந்து இரண்டு டிபன் கேரியர் கொண்டு வருவது நம் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுப் பிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீன் குழம்பு திங்கட்கிழமை ராத்திரி பீகாரிலிருந்து வந்த பையன்களின் தட்டுக்குத்தான் போயிருக்கிறது. 22 வருடமும் அண்ணிதான் சமைத்து அனுப்பியிருக்கிறார். கம்பெனி ஒரு பைசா கொடுத்ததில்லை, கேட்டதும் இல்லை. அந்த நோட்டைப் புரட்டிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அண்ணி, உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் இது. இத்தனை நாள் தெரியாமலே இருந்துவிட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது யார்டில் இடுப்பளவு தண்ணீர். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். குழந்தைகளை மாமியார் வீட்டு மாடியில் விட்டுவிட்டு வந்து, உங்கள் பி.எஃப். பேப்பர், லைசென்ஸ் நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏற்றி வைத்தார். அதில் ஒன்றுகூட நனையவில்லை.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. போன சித்திரையில் அண்ணன் என்னிடம் வந்து, சர்க்கரை கூடியிருக்கிறது, ராத்திரியில் மூச்சு வாங்குகிறது, பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கொடு தம்பி என்று கேட்டார். நைட்டுக்கு உங்களைப் போல நம்பி விட ஆள் இல்லை அண்ணே, தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளியும் போனது, பொங்கலும் போனது. அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்காததால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பகலுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது நியாயம், தள்ளிப்போட்டது நான். அண்ணியிடம் நேரில் போய் இதைச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இனி உடம்புக்கு முடியவில்லை என்று யார் ஷிஃப்ட் மாற்றம் கேட்டாலும் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தரப்படும். ஆள் இல்லை என்றால் ஆள் பிடிப்பது என் வேலை. ராத்திரி கேட்டில் இனி ஒருவர் தனியாக இருக்க மாட்டார்.

அண்ணி, இது உங்களுக்கு. கணக்குப் பிரிவிலிருந்து மீனா காரியம் முடிந்த பிறகு வீட்டுக்கு வருவார். நீங்கள் ஆபீசுக்கோ பி.எஃப். அலுவலகத்துக்கோ அலைய வேண்டாம். பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, இன்சூரன்ஸுக்கு 5-IF, குடும்ப பென்ஷனுக்கு 10-D, மூன்றையும் அவரே நிரப்பிக் கொண்டு வருவார், நீங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த இன்சூரன்ஸ் அண்ணன் சம்பளத்தைப் பொறுத்து ஏழு லட்சம் வரை வரும். பென்ஷன் உங்களுக்கும், பிள்ளைகள் இருவருக்கும் 25 வயது வரை தனியாகவும் உண்டு. கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் உங்கள் கணக்கில் போட்டுவிடுவோம். இதெல்லாம் அண்ணன் உழைத்துச் சேர்த்த காசு, கம்பெனி செய்யும் உதவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனி தன் பங்குக்குச் செய்வது வேறு. பாப்பா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள், தம்பி பிளஸ் டூ. இருவரும் படிப்பை முடிக்கும்வரை ஃபீஸ் எங்களுடையது. இதை லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு உங்களிடம் தந்திருக்கிறேன். வாய் வார்த்தையாக விட்டுவிட எனக்கு மனசில்லை.

கேட் ரூமில் அவர் நாற்காலி, டார்ச், கேரம் போர்டு எல்லாம் அப்படியே இருக்கிறது. நோட்டையும் டிபன் கேரியரையும் வீட்டில் கொடுத்துவிட்டோம். ஸ்ட்ரைக்கரை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டுமா என்று தம்பி கேட்டான். அது அவனுடையதுதான்.

பதினாறாம் நாள் காரியம் கொருக்குப்பேட்டை வீட்டிலேயே நடக்கிறது. அன்று காலை ஆறு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை நம் கேட் மூடியிருக்கும், பார்ட்டிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் பேட்டா பிடித்தம் கிடையாது. யார்டிலிருந்து எட்டரைக்கு வேன் கிளம்பும். மாலை வாங்கி வர வேண்டாம் என்று அண்ணி சொல்லச் சொன்னார். வருகிறவர்கள் யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்.

வருத்தத்துடன்,
நிர்வாகப் பங்குதாரர்
(உங்கள் எல்லோருக்கும் தம்பி)