கிருஷ்ணகிரி நகரத் தூய்மை விருது விழாவில் ஓர் ஓட்டல்காரரின் பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, முதல் வணக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும். வழக்கம்போலப் பின்னால் போய் உட்காரப் பார்த்தவர்களை மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் உட்கார வைத்தார். நானும் பார்த்தேன்.

வணிகர்கள் சார்பில் யாராவது பேச வேண்டும் என்றதும் என்னைத் தள்ளிவிட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். இந்த ஊரில் தூய்மைப் பணியாளரிடம் முதலில் அபராதம் கட்டிய ஓட்டல்காரன் நான்தான் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. முதல் ஆளா என்று தெரியாது, கட்டியது உண்மை. 500 ரூபாய்.

பழையபேட்டையில் 22 வருஷமாக டிபன் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, எங்கள் வார்டுக்கு வரும் அக்கா கடை வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்து ஒரு சாம்பார் கவரை எடுத்து என் கல்லாமேல் வைத்தார். பார்சல் திரும்பி வந்த கவர், சாம்பாரோடு, நூல் சுற்றி முடிச்சு போட்டபடியே. "அண்ணே, முடிச்சு போட்டது நீங்க, அவுத்துக் குடுங்க" என்றார். வாடிக்கையாளர் நாலு பேர் எதிரில். எனக்குச் சுரீரென்று ஏறியது, உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அந்தக்கா சொன்னது சரிதானுங்களே" என்றார். அடுத்த வாரமும் அதே கவர், அதே முடிச்சு, அப்புறம்தான் அந்த 500 ரூபாய் ரசீது. அந்த மாதிரிக் கவருக்கே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, நான் வாயைத் திறக்க முடியுமா?

அபராதம் கட்டின கையோடு, இவர்கள் என்னதான் செய்கிறார்கள் பார்க்கலாம் என்று உரம் தயாரிக்கும் இடத்துக்கே போனேன். சண்டை போடத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தொட்டியில் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், வெடுக்கென்று எடுத்தேன். இட்லிக் கொப்பரை மூடியைத் தொட்ட மாதிரி. அடுப்பு இல்லை, கரண்ட் இல்லை, நம் வீட்டுக் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் தானாகவே அப்படிச் சூடேறுகிறது. அந்தச் சூடு இருந்தால்தான் அது உரம். காற்று போகவில்லை என்றால் புளித்து நாறிவிடும், அப்புறம் மொத்தத் தொட்டியையும் வெட்டிப் புரட்ட வேண்டும். நான் கட்டிப் போட்ட கவருக்குள் காற்று எங்கே போகும்? அதைச் சுற்றி ஒரு முழம் அழுகிக் கிடக்கும்.

ஒரு அக்கா ஒரு பிடி அள்ளி முஷ்டியில் வைத்து அழுத்திக் காட்டினார். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், காய்ந்த சருகு சேர்க்க வேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். உருண்டையாக நின்று, விரலுக்கு இடையில் லேசாகக் கசிந்தால் பதம். எங்கள் தொழிலிலும் இதுதான் கதை. மாவு பதத்தை எந்த மாஸ்டரும் எழுதி வைத்துச் சொல்லித் தர மாட்டார், கை சொல்ல வேண்டும். நான் 22 வருஷ ஆள், இந்த அக்காவின் கையும் அப்படித் தேறின கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சண்டை போடப் போனவன் டீ குடித்துவிட்டு வந்தேன்.

மாம்பழ சீசனைப் பற்றிச் சொல்லாமல் கிருஷ்ணகிரியில் எந்தக் கூட்டமும் முடியாது. மே, ஜூன் மாதத்தில் நமக்குப் பழம் வாசனை, இவர்களுக்கு வைக்கோல். மண்டிகளில் பெட்டிக்குப் பெட்டி வைக்கோல் வைத்துத்தான் பழம் வருகிறது. பழத்தை எடுத்துக்கொண்டு வைக்கோலைத் தெருவில் விட்டுவிடுகிறோம். கோடை மழை ஒன்று அடித்தால் போதும், அது நேராகக் கால்வாய்க்குப் போய், அழுகின பழத்தோடு சேர்ந்து பாய் முடைந்த மாதிரி அடைத்துக்கொள்ளும். அதனால் மேகம் கறுத்தால் இவர்கள் தெருவைப் பெருக்கப் போவதில்லை, முதலில் கால்வாய் வாய்க்குப் போகிறார்கள். எந்தத் திருப்பத்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்பதெல்லாம் இவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. தயவுசெய்து யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள், இவர்கள் ஓய்வு பெற்றுப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

இன்னொன்று. கால்வாய்ச் சேற்றை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், மறுநாள்தான் அள்ளுகிறார்கள் என்று நம் ஆட்கள் கத்துகிறோம். நானும் கத்தியிருக்கிறேன். ஈரச் சேறு பாதிக்கு மேல் தண்ணீர். உடனே அள்ளினால் வண்டியில் ஏற்றுவது தண்ணீரைத்தான், வழியெல்லாம் வேறு ஒழுகும். ஒரு நாள் வடிந்தால்தான் ஏற்றத் தோதாக இருக்கும். அந்த ஒரு நாள் நாம் வாயை மூடிக்கொண்டு சுற்றிப் போகலாம்.

சரி, வணிகர்கள் பக்கம் வருகிறேன். இனிமேல் யார் கடையிலாவது செப்டிக் டேங்க் அடைத்தது என்று தெரிந்தவரைக் கூப்பிட்டு, "சும்மா உள்ளே இறங்கிப் பாருப்பா" என்று ஐந்நூறு ஆயிரம் நீட்டினால் சங்கமே புகார் கொடுக்கும். மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அப்படி இறக்கிவிடுபவருக்கு முதல் தடவையே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். 14420-க்குப் போன் போட்டால் லாரி வரும். உள்ளே இருக்கிற வாயு ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வராது. இறங்கச் சொன்னவர் மேலேதான் நிற்பார்.

கையுறை விஷயம். போன மாதம் சங்கத்தில் காசு போட்டு வாங்கிக் கொடுத்தோம், போட்டோவும் எடுத்துக்கொண்டோம். எல்லாம் ஒரே அளவு, ஆண் கை அளவு. பெருக்குகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்குகிற கையுறையை மாட்டிக்கொண்டு உடைந்த கண்ணாடியைப் பிரித்துப் பாருங்கள், அப்போது தெரியும். அதனால்தான் இரண்டாம் நாளே கழற்றி வண்டியில் மாட்டிவிட்டார்கள். தப்பு எங்களுடையது, ஆளைக் கேட்காமல் வாங்கினோம். இந்தத் தடவை மூன்று அளவில் வாங்கியிருக்கிறோம், கூட்டம் முடிந்ததும் வாசலில் மாட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், எங்கள் கடையும் பக்கத்தில் இரண்டு கடையும் விடியற்காலை நாலரைக்கே திறந்துவிடுகிறோம். கழிவறை பின்னால் இருக்கிறது, சுத்தமாக இருக்கும், உள்தாழ்ப்பாள் புதிதாகப் போட்டாயிற்று. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, வாருங்கள். டீக்குக் காசு வாங்குவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்தக்கா குடிக்கவே மாட்டார்.

விருது வாங்குகிறவர்கள் பட்டியல் என் கையில்தான் இருக்கிறது. முகம் எல்லாம் தெரியும், பெயர் பாதிப் பேருக்குத் தெரியவில்லை, 22 வருஷமாக "அக்கா", "அண்ணே" என்றே ஓட்டிவிட்டேன். தப்பாகப் படித்துத் தொலைக்க வேண்டாம். மேஸ்திரி, மேலே வாங்க, நீங்களே படியுங்கள். மெதுவாக, இனிஷியலோடு.