சரக்கு போன தேதிதான் கணக்குத் தேதி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. இரவெல்லாம் அதே நினைப்பு. 3ஆம் தேதி லாரி ஏறிய சரக்கைப் போன மாதம் 31ஆம் தேதி விற்பனையாக எழுதச் சொன்னாரா உன் முதலாளி? எழுதாதே. டெலிவரி சலானில் 3 என்றுதான் இருக்கும். ஸ்டாக் கணக்கிலும் 31 அன்று அது குடோனில்தான் கிடக்கும். பில் மட்டும் வேறு கதை சொன்னால், ஆடிட்டர் முதலில் கூப்பிடுவது பதிவு போட்ட உன்னைத்தான்.

முதலாளியிடம் முறைத்துக்கொள்ளாதே. சலானை எதிரில் வைத்து, "சார், இது இந்த மாதக் கணக்கில்தான் வரும். பேங்கில் காட்ட வேண்டுமென்றால் கைவசமுள்ள ஆர்டர்களைத் தனிப் பட்டியலாகத் தருகிறேன்" என்று சொல். பல நேரம் அவருக்கு வேண்டியது ஒரு வழிதான். திரும்பவும் வற்புறுத்தினால் மெயிலில் அனுப்பச் சொல்.

அவர் வீட்டுச் செலவு பில் வந்தால் சொந்த எடுப்பில் பற்று எழுது, அவ்வளவுதான்.

பயிற்சியில் நானும் ஒரு தேதியை மாற்றினேன். அதை மறைக்க அடுத்த மாதம் நான்கு பொய்ப் பதிவுகள். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம், பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே. ஞாயிறு காலை கூப்பிடு, பேசுவோம்.

அன்புடன்,
அக்கா