வெள்ளிக்கிழமை ராத்திரிச் சொல் விளையாட்டு: கதிருக்கு அப்பா அனுப்பியது

தம்பி கதிர்,

வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தை வீட்டுப் பிள்ளைகளும் தென்காசியிலிருந்து வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். நல்லதாப் போச்சு. போன வாரம் மாதிரி ஆளுக்கொரு செல்போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டாம். சொல் விளையாட்டு வைக்கலாம். நீதான் நடுவர், நீயும் ஆடலாம். விதியெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். வாய்ஸில் சொன்னால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய், அதனால்தான் எழுத்து. ஒரு தடவை முழுதாகப் படி, அப்புறம் உன் நோட்டில் சுருக்கமாகக் குறித்துக்கொள்.

நம் நேரம் எட்டு மணிக்கு ஆரம்பம். இங்கே குவைத்தில் அப்போது ஐந்தரை. எனக்கு வெள்ளி விடுமுறை, அதனால் பிரச்சினை இல்லை. ஒன்பதரைக்கு முடித்துவிட வேண்டும், யாழினி அதற்கு மேல் தாங்க மாட்டாள். எட்டு மணிக்குள் சாப்பாடு, பாத்திரம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவுவது நீயும் அத்தையின் பெரியவனும். ஆட்டம் நடக்கும்போது "அம்மா தண்ணி", "அம்மா முறுக்கு" என்று யாரும் அவளை எழுப்பக் கூடாது. இதுவும் விதிதான், மீறினால் ஒரு கொட்டை அபராதம்.

கொட்டை என்றால் புளியங்கொட்டை. ஆச்சி புளி எடுத்துவிட்டுப் போட்டு வைத்திருக்கும் டப்பாவில் கிடக்கும். ஆளுக்குப் பத்து எண்ணிக் கொடு. நடுவில் ஒரு கிண்ணம். சொல் வராதவர், தப்பாகச் சொன்னவர், ஏற்கெனவே வந்த சொல்லைச் சொன்னவர் கிண்ணத்தில் ஒன்று போட வேண்டும். ஆறு எழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொல்லைச் சொன்னால் கிண்ணத்திலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எழுத்து எண்ணும்போது புள்ளி எழுத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். கனகாம்பரம் என்றால் க, ன, கா, ம், ப, ர, ம்: ஏழு. உன் அத்தை மகன் விரலை மடக்குவதில் கொஞ்சம் கெட்டிக்காரன். நீ நோட்டில் எழுதி எண்ணு.

சரி, முதல் ஆட்டம். ஒருவர் சொன்ன சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ அந்த எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். கேட்க சுலபம். ஆனால் தமிழில் இப்படியே ஆடினால் இரண்டு நிமிடத்தில் சண்டை வந்துவிடும். மரம் என்று ஒருவர் சொன்னால் ம் என்று எந்தச் சொல் தொடங்கும்? யானை என்றால் னை-யில் என்ன சொல்வது? மொழிமுதல் எழுத்து என்று உங்கள் தமிழ் ஐயா நடத்தியிருப்பாரே, அதே சங்கதிதான். அதனால் மூன்று விதி வைத்துக்கொள்வோம்.

கடைசியில் புள்ளி எழுத்து இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய எழுத்தை எடு. மீன் என்றால் மீ. நாய் என்றால் நா.

அப்படி எடுத்த எழுத்து ட, ண, ழ, ள, ற, ன வரிசையில் இருந்தால் மெய்யைத் தள்ளிவிட்டு உயிரை மட்டும் வைத்துக்கொள். கிளி என்றால் ளி போய் இ. மாடு என்றால் டு போய் உ. பழம் என்றால் முதலில் ம் போய்விடும், அப்புறம் ழ-வும் போய் அ நிற்கும்.

ர-வும் ல-வும் வந்தால் அவரவர் இஷ்டம். ரம்பம், லட்டு என்று அதே எழுத்திலும் சொல்லலாம், உயிரெழுத்திலும் சொல்லலாம். ய வரிசையில் யா-வுக்கு மட்டும் யானை, யாழ் என்று சொல் கிடைக்கும், மற்றதற்கெல்லாம் உயிர்தான்.

ஓட்டிப் பார்: மரம் என்று ஆச்சி ஆரம்பிக்கிறார்கள். ம் போய் ர. அத்தை ரம்பம். ம் போய் ப. நீ படகு. கு-வில் யாழினி குடை. டை செல்லாது, ஐ. அம்மா ஐப்பசி. சி-யில் நான் சிலந்தி. தி-யில் அத்தை மகன் திரிகை என்றால் (அவனுக்குத் தெரிந்திருந்தால்) கை. சின்னவன் கைக்குட்டை. மறுபடியும் ஐ!

பார்த்தாயா, வில்லங்கம் இந்த ஐ-யில்தான் இருக்கிறது. மழை, இலை, பானை, குடை, வாழை, தலை என்று ஐ-யில் முடியும் சொல் நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஐ-யில் தொடங்குவது கைவிரல் அளவுதான்: ஐந்து, ஐம்பது, ஐப்பசி, ஐயம். விவரம் தெரிந்தவர் எல்லோரும் அடுத்தவர் தலையில் ஐ-யைக் கட்டப் பார்ப்பார்கள். ஆச்சி இதில் பழம் தின்று கொட்டை போட்டவர், பாவம் பார்க்கவே மாட்டார். ஆகவே ஐ வந்தால் அ-விலும் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வோம். ஐ-யிலேயே சொல்பவருக்குக் கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டை பரிசு. உனக்கு மட்டும் ஒன்று சொல்லி வைக்கிறேன்: ஐராவதம் இருக்கிறது, இந்திரனுடைய யானை. ஆனால் ஆள் பெயர் மாதிரி இதுவும் செல்லாது என்று அம்மா மடக்குவாள். அப்படி மடக்கினால் ஐம்பொறி என்று சொல்லித் தப்பித்துக்கொள்.

எந்தச் சொல் செல்லும், எது செல்லாது? ஆள் பெயர், ஊர்ப் பெயர் முதல் ஆட்டத்தில் வேண்டாம், அதற்கு இரண்டாவது ஆட்டம் இருக்கிறது. மரங்கள், பூக்கள் என்று "கள்" ஒட்டக் கூடாது, மரத்தை, வந்தான் என்றெல்லாமும் கூடாது. மாமரம், தென்னைமரம், வேப்பமரம் என்று மரம் மரமாக நட்டுக்கொண்டு போவதும் கூடாது, ஒரு ஆளுக்கு ஒரு மரம் போதும். பஸ், சைக்கிள், டம்ளர் மாதிரி வீட்டில் புழங்கும் இங்கிலீஷ் சொல் ஆளுக்கு இரண்டு வரை போகலாம். அதற்கு மேல் போனால் கொட்டை.

சந்தேகம் வந்தால் அலமாரியில் கிரியா அகராதி இருக்கிறது, எடுத்துப் பார். ஆனால் அதை வைத்து ஆச்சியிடம் வாதாடாதே. சுளவு, அங்கணம், பத்தாயம் என்று ஆச்சி நம் பக்கத்துச் சொல்லாகச் சொல்வார்கள். அகராதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது செல்லும். அறையில் இன்னொருவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தால் போதும், தெரியாவிட்டால் அது என்ன என்று சொன்னவர் ஒரு வாக்கியத்தில் விளக்க வேண்டும். இந்தச் சலுகை எல்லோருக்கும் உண்டு, நீ கிரிக்கெட் சொல் சொன்னாலும் ஆச்சிக்கு விளக்கியாக வேண்டும். அப்புறம், ஆச்சி "எல" என்று சொன்னாலும் நீ நோட்டில் இலை என்றுதான் எழுத வேண்டும். எழுதும் வடிவத்தை வைத்துத்தான் அடுத்த எழுத்து. வந்த சொல்லையெல்லாம் எழுதிக்கொண்டே வா, திரும்ப வந்தால் பிடிக்க அதுதான் வழி.

ஒரு ஆளுக்கு இருபது விநாடி. உன் போனில் ஓட விடு. ஆச்சிக்குக் கடிகாரம் கிடையாது, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை காத்திருங்கள். யாழினிக்கும் கடிகாரம் வேண்டாம். பெரியவர்கள் மூன்று எழுத்துக்குக் குறைந்து சொல்லக் கூடாது. அவள் மட்டும் பசு, பூ என்று எதையும் சொல்லலாம், மூன்று தடவை ஆச்சி காதில் கேட்டும் சொல்லலாம். அவள் தோற்றால் அழுவாள் என்பதற்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுக்காதே. அவளுக்குத் தெரிந்துபோகும், அப்போதுதான் இன்னும் பெரிதாக அழுவாள்.

என் பங்குக்கு: போனைக் கையில் வைத்துச் சுற்றாமல் பித்தளைச் செம்பில் சாய்த்து வை, எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி. லைன் ஒரு விநாடி இரண்டு விநாடி பின்தங்கும். அதனால் நான் "கேட்டுச்சு" என்று சொன்ன பிறகு எனக்கு நேரம் ஓட விடு. கட்டானால் என் முறையைத் தாண்டிப் போங்கள், நான் வந்து சேர்ந்துகொள்கிறேன், அபராதம் போடாதே. அறையில் மூன்று பேர் இருப்பார்கள். அதில் ஒரு மலையாளத்து அண்ணன் ஆர்வக்கோளாறில் எனக்குச் சொல் எடுத்துக் கொடுப்பார். அவர் குரல் கேட்டால் அந்தச் சொல் செல்லாது என்று அடித்துவிடு.

இரண்டாவது ஆட்டம் பெயர், ஊர், பூ, சாப்பாடு. ஆளுக்கொரு தாள். ஒருவர் மனசுக்குள் அ, ஆ என்று சொல்லிக்கொண்டே போக, இன்னொருவர் நிறுத்து என்றால் நின்ற எழுத்துதான். ஐ, ஔ வேண்டாம். உயிரோடு க, ச, த, ந, ப, ம, வ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். க என்றால் கா, கி எல்லாம் செல்லும். த வந்தால் தமிழரசி, தென்காசி, தாமரை, தோசை. இரண்டு நிமிடம். வேறு யாரும் எழுதாதது என்றால் பத்து, இன்னொருவரும் எழுதியிருந்தால் ஐந்து, காலி என்றால் பூஜ்ஜியம். தென்காசியை அத்தை வீட்டார் எல்லோரும் எழுதுவார்கள், நீ திருக்குறுங்குடி எழுது. ஆச்சிக்குக் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எழுத்து சிரமம். ஆச்சி சொல்லச் சொல்ல அம்மா எழுதட்டும். அம்மா தன் தாளையும் பார்த்துக்கொள்வாள். ஃபஹாஹீல், சால்மியா என்று குவைத் ஊர்களை நான் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே, எனக்கு மட்டும் அது அநியாய லாபம்.

ஐந்து எழுத்து ஆடினால் போதும். இதன் மார்க்கை இருபதுக்கு ஒரு கொட்டை என்று மாற்றிச் சேர்த்துக்கொள். சமமாக வந்தால் ஆச்சி ஒரு விடுகதை போடட்டும், முதலில் அவிழ்ப்பவர் ஜெயித்தவர். அதிகக் கொட்டை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன சமையல் என்று முடிவு செய்யலாம். அம்மாவிடம் பேசிவிட்டேன், பிரியாணி என்றாலும் சம்மதம். கடைசியில் வருபவர் "யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை" என்று மூச்சு விடாமல் ஏழு தடவை சொல்ல வேண்டும். நான் கடைசியில் வந்தாலும் சொல்வேன்.

நடுவர் சொல்வதே முடிவு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தீர்ப்புச் சொன்ன பிறகு மாற்றாதே. யாராவது சத்தம் போட்டால் கிண்ணத்தைக் காட்டு, போதும்.

வியாழக்கிழமைக்குள் புளியங்கொட்டை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல். போதாவிட்டால் அத்தையைக் கொண்டுவரச் சொல்கிறேன். இப்போதே கொஞ்சம் பழகிக்கொள்: என் சொல், நீரூற்று. ற்று-வில் று போய் உ. உரல், உப்பு, உளுந்து மூன்றையும் விட்டுவிட்டு ஆறு எழுத்தில் ஒரு சொல் யோசித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அனுப்பு.

அப்பா